வெளிநாட்டில் இருந்து சென்னையில் ஃபிளாட் வாங்க ஆஃபர் மெயில் வந்திருக்கா? ஒவ்வொரு வரியிலும் கவனிக்க வேண்டியது என்ன?

துபாய், சிங்கப்பூர், லண்டன் என வெளிநாடுகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி வரும் மெயில் இது. அனுப்புபவர் சொந்த ஊரைச் சேர்ந்த பிராப்பர்ட்டி கன்சல்டன்ட். அழகான படங்கள், நல்ல விலை, கூடவே ஒரு கடைசி தேதி. மெயில் பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் அதில் எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டதுதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும்.

உதாரணத்துக்கு இப்படி ஒரு மெயில் வருவதாக வைத்துக்கொள்வோம்.

"அன்புள்ள ஐயா/அம்மா, ஓ.எம்.ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலில் இருந்து 10 நிமிடத்தில் புதிய அபார்ட்மென்ட். 2 பெட்ரூம், 1,200 சதுர அடி, சதுர அடி 7,000 ரூபாய். மொத்தம் 84 லட்சம் மட்டுமே. சி.எம்.டி.ஏ. அனுமதி விரைவில். ப்ரீ-லான்ச் விலை இந்த ஞாயிறு வரை மட்டும். 15 லட்சம் செலுத்தி உங்கள் ஃபிளாட்டை உறுதி செய்யுங்கள். வாடகை வருமானம் உறுதி. நீங்கள் நேரில் வர வேண்டியதில்லை, பவர் பத்திரம் கொடுத்தால் எல்லா வேலையையும் நாங்களே முடித்துத் தருகிறோம்."

இந்த மெயிலை வரி வரியாகப் பார்ப்போம்.

முதல்ல, வெளிநாட்டில் இருப்பவர் வாங்கலாமா?

வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ.க்களும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் வீடு, கடை, அலுவலக இடம் வாங்க ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி தேவையில்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை மட்டும் வாங்க முடியாது. அதனால் அதே மெயிலில் "ஃபிளாட்டோடு சேர்த்து செங்கல்பட்டு பக்கம் அரை ஏக்கர் ஃபார்ம் லேண்ட்" என்று இருந்தால், அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள்.

"அனுமதி விரைவில்", "ப்ரீ-லான்ச்" என்றால் என்ன அர்த்தம்?

மெயிலில் முதலில் தேட வேண்டியது விலையை இல்லை, ரெரா பதிவு எண்ணை. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்து, 8 வீடுகளுக்கு மேலும் கட்டினால், ரெராவில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். பதிவுக்கு முன் புக்கிங் வாங்குவதும் தப்பு, "விருப்பம் தெரிவிக்க" என்று டோக்கன் வாங்குவதும் தப்பு. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா இணையதள முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் மெயிலில் அந்த எண் இல்லை. "அனுமதி விரைவில்" என்ற வார்த்தையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கட்டட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. கட்டட அனுமதி இல்லாமல் ரெரா பதிவும் கிடைக்காது. அதாவது, எத்தனை மாடி, எத்தனை வீடு, உங்கள் வீட்டின் அளவு என்ன என்று அரசு இன்னும் முடிவு செய்யாத ஒரு கட்டடத்துக்குப் பணம் கேட்கிறார்கள். நாளை வரைபடம் மாறினால் நீங்கள் பணம் கட்டிய வீடு அதில் இல்லாமலே போகலாம்.

எண் கொடுத்திருந்தால், தமிழ்நாடு ரெராவின் rera.tn.gov.in தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். அங்கே திட்டத்தின் பெயர், கட்டுநர் பெயர், அனுமதி பெற்ற வரைபடம், கட்டி முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றைப் பாருங்கள். மெயிலில் "2027-ல் சாவி" என்றும் தளத்தில் 2029 என்றும் இருந்தால், சட்டப்படி கட்டுநரைக் கட்டுப்படுத்துவது தளத்தில் உள்ள தேதிதான்.

மெயில் அனுப்பிய கன்சல்டன்டும் ரெராவில் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய எண்ணையும் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் கொடுப்பது கட்டுநர்தான், நீங்கள் இல்லை. அதனால் அவர் சொல்வதை ஒரு விற்பனையாளர் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல நீங்களே சம்பளம் கொடுத்து ஒரு வழக்கறிஞரை வைப்பது நல்லது. அந்த வழக்கறிஞரையும் கன்சல்டன்டே சிபாரிசு செய்தால் வேண்டாம்.

1,200 சதுர அடியில் நமக்குக் கிடைப்பது எவ்வளவு?

மெயிலில் உள்ள 1,200 சதுர அடி என்பது பொதுவாக சூப்பர் பில்ட்-அப் அளவு. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, கிளப் ஹவுஸ் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு அது. சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியா வேறு. வீட்டுக்குள் நீங்கள் பயன்படுத்தும் தரைப்பரப்பும் உள் தடுப்புச் சுவர்களும் மட்டும்தான் அதில் வரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி எதுவும் சேராது.

நம் உதாரண வீட்டின் கார்பெட் ஏரியா 840 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 84 லட்சத்தை 840-ஆல் வகுத்தால் சதுர அடி 10,000 ரூபாய். மெயிலில் 7,000 என்று பார்த்ததும் "விலை குறைவா இருக்கே" என்று தோன்றியது இந்த அளவு வித்தியாசத்தால்தான். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் கார்பெட் ஏரியாவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதுதான் எது மலிவு என்று தெரியும்.

சென்னையில் இன்னொரு அளவும் முக்கியம். அதுதான் யூ.டி.எஸ்., அதாவது கட்டடம் நிற்கும் மனையில் பிரிக்கப்படாத உங்கள் பங்கு. கட்டடம் வருஷம் போகப் போகப் பழசாகும், நிலத்தின் மதிப்பு நிற்கும். 30, 40 ஆண்டுகள் கழித்து இடித்துக் கட்டும்போது உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்தப் பங்குதான் முடிவு செய்யும்.

இதைச் சரிபார்ப்பது கஷ்டமில்லை. மனை 10 கிரவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஆக மொத்தம் 24,000 சதுர அடி. அதில் இதே அளவில் 50 வீடுகள், மொத்தம் 60,000 சதுர அடி. உங்கள் 1,200 சதுர அடி வீடு அதில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் யூ.டி.எஸ். 480 சதுர அடி வர வேண்டும். கட்டுநர் 350 என்று சொன்னால், மீதி 130 சதுர அடி யாருக்குப் போகிறது என்று கேட்கணும். பூங்காவுக்கும் சாலைக்கும் உள்ளாட்சிக்குக் கொடுத்த இடம் என்றால் அது வரைபடத்தில் இருக்கும். இல்லையென்றால், கட்டுநர் தன் பெயரில் நிறுத்திவைத்திருக்கலாம்.

"84 லட்சம் மட்டுமே" என்பது உண்மையா?

இந்த விலையோடு சேரும் செலவுகளை மெயிலில் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். நம் உதாரணத்தையே தொடர்வோம்.

வீட்டு விலை 84 லட்சம். கார் பார்க்கிங் 4 லட்சம் என்றால் 88 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பதால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 4 லட்சத்து 40 ஆயிரம். அடுத்து பத்திரப்பதிவு. தமிழ்நாட்டில் கட்டுநரிடம் இருந்து முதல் முறையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு, நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை 2023 டிசம்பரில் வந்தது. அதன்படி 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 5 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 88 லட்சத்துக்கு இது 6 லட்சத்து 16 ஆயிரம். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, பராமரிப்பு முன்பணம் என்று 3 லட்சத்து 50 ஆயிரம் கேட்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 1 கோடியே 2 லட்சத்தைத் தொடுகிறது.

84 லட்சம் என்று நினைத்துக் கடன் திட்டம் போட்டவருக்கு 18 லட்சம் பள்ளம் விழுகிறது. அதனால் பதில் மெயிலில் "சாவி வாங்கும் நாள் வரை நான் கட்ட வேண்டிய எல்லாத் தொகையும் சேர்த்த ஒரே பட்டியல் அனுப்புங்க" என்று கேளுங்கள். கட்டி முடித்து, நிறைவுச் சான்றும் வாங்கிய வீட்டை வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. வீட்டின் மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்து, விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், பணம் கொடுக்கும்போது 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. இது கூடுதல் செலவு இல்லை, விலையில் இருந்தே பிடிப்பது. ஆனால் நீங்கள் வாங்குவது இன்னொரு என்.ஆர்.ஐ.யின் பழைய ஃபிளாட்டாக இருந்தால் பிடிக்க வேண்டிய வரி இதைவிடப் பல மடங்கு அதிகம். அது தெரியாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், அந்த வரியை வருமான வரித்துறை உங்களிடம்தான் கேட்கும்.

15 லட்சம் அட்வான்ஸ் கட்டலாமா?

கூடாது. பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல், வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது. 84 லட்சத்தில் 10 சதவீதம் 8 லட்சத்து 40 ஆயிரம். 15 லட்சம் கேட்கும் மெயில் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. இது ஒன்றே போதும், பதில் போடும் முன் யோசிக்க.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதும் முக்கியம். வாங்குபவர்களிடம் இருந்து வரும் தொகையில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் செலவழிக்க வேண்டும் என்பது விதி. கன்சல்டன்டின் சொந்தக் கணக்குக்கோ, பெயர் பொருந்தாத வேறு நிறுவனத்துக்கோ அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

சில நாள் கழித்து "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று இன்னொரு மெயில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். மெயில் பெட்டிக்குள் புகுந்து, நடக்கும் பேச்சைப் படித்து, சரியான நேரத்தில் போலிக் கணக்கு எண் அனுப்பும் மோசடி வழக்கமான ஒன்று. உங்களிடம் முன்பே இருக்கும் கட்டுநர் அலுவலக எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து பணம் எப்படி அனுப்பணும்?

வங்கி வழியாக மட்டும். வெளிநாட்டுக் கணக்கில் இருந்து நேரடியாகவோ, இந்தியாவில் உள்ள என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர்., என்.ஆர்.ஓ. கணக்குகளில் இருந்தோ கட்டலாம். பலர் செய்யும் ஒரு வேலை உண்டு. "மச்சான், நீ உன் கணக்குல இருந்து கட்டிடு, நான் இங்க உன் ஃபிரெண்டுகிட்ட திர்ஹாமா கொடுத்துடறேன்" என்பார்கள். இது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. அதோடு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது.

நாளை வீட்டை விற்றுப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நினைத்தால், நீங்கள் அந்நியச் செலாவணியாகவோ என்.ஆர்.இ. கணக்கில் இருந்தோ கட்டியதற்குச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று இருந்தால், 2 குடியிருப்புகள் வரை, நீங்கள் அப்படிக் கட்டிய தொகையைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். மற்ற தொகை என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போகும். அங்கிருந்து வரி கட்டிய பிறகு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். மச்சான் கணக்கில் இருந்து கட்டியிருந்தால் உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. ஒவ்வொரு தவணைக்கும் வங்கி கொடுக்கும் பணவரவு ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

"பவர் கொடுத்தால் போதும்" என்கிறார்களே?

பவர் பத்திரம் கொடுப்பதில் தப்பில்லை. யாருக்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். கன்சல்டன்டின் ஊழியருக்குக் கொடுத்தால், விற்பவர் தரப்பும் வாங்குபவர் தரப்பும் ஒரே ஆள் கையில் போய்விடும். வரைபடம் மாறினாலும் யூ.டி.எஸ். குறைந்தாலும் உங்கள் சார்பில் அவரே கையெழுத்துப் போடுவார். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் போல உங்கள் நலனைப் பார்க்கும் ஒருவருக்கே கொடுங்கள்.

பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம். குறிப்பிட்ட திட்டம், குறிப்பிட்ட ஃபிளாட் எண், ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் அதிகாரம், அவ்வளவு மட்டும் போதும். விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். துபாயில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் பதிவுத்துறை அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு, பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்படும் நிலை வரக்கூடாது.

"வாடகை வருமானம் உறுதி" எவ்வளவு உறுதி?

இந்த வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை வந்தால் வருடத்துக்கு 3 லட்சம். 1 கோடியே 2 லட்சம் முதலீட்டில் இது 3 சதவீதத்துக்கும் குறைவு. இதில் இருந்துதான் பராமரிப்பு, சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போக வேண்டும். உரிமையாளர் என்.ஆர்.ஐ. என்றால் வாடகைக்கு இருப்பவர் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும். "உறுதி" என்று எழுதியிருந்தால், யார் தருவார்கள், எத்தனை வருடம், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத உறுதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அந்த மெயிலை அழிக்காதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்க ரெரா சட்டத்தில் வழி உண்டு. சொன்ன தேதிக்கு வீட்டைத் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம். அதனால் கன்சல்டன்ட் வாட்ஸ்அப் காலில் சொன்னதையும் "நீங்கள் இன்று சொன்னது இதுதானே?" என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் மெயிலில் என்ன கேட்கலாம்?

இதை அப்படியே நகல் எடுத்து அனுப்பலாம்:

1. திட்டத்தின் ரெரா பதிவு எண், உங்கள் முகவர் பதிவு எண் என்ன?
2. சி.எம்.டி.ஏ. அனுமதி எண்ணும், அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலும் அனுப்ப முடியுமா?
3. இந்த ஃபிளாட்டின் கார்பெட் ஏரியா எவ்வளவு, யூ.டி.எஸ். எவ்வளவு?
4. வரி, பதிவு, பார்க்கிங், முன்பணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன?
5. மனையின் தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று நகல்களை என் வழக்கறிஞருக்கு அனுப்புவீர்களா?
6. திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கு யார் பெயரில், எந்த வங்கியில் உள்ளது?

வில்லங்கச் சான்றை அவர்கள் அனுப்பினாலும், tnreginet.gov.in தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து உங்கள் தரப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனையின் மேல் வங்கி அடமானம் இருந்தால் அதில் தெரியும். அடமானம் இருப்பதாலேயே ஒதுக்க வேண்டாம், ஆனால் உங்கள் ஃபிளாட்டை விற்க அந்த வங்கி தடையில்லாச் சான்று கொடுத்திருக்க வேண்டும்.

உண்மையான திட்டத்தை விற்பவருக்கு இந்த 6 கேள்விகளுக்கும் பதில் கையிலேயே இருக்கும், ஓரிரு நாளில் அனுப்பிவிடுவார். பதிலுக்குப் பதிலாக "ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் விலை ஏறிடும் சார்" என்று மட்டும் வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை கடந்து போகட்டும்.